வெளியூர்ச் செய்தியாளருக்கு வரவேற்பும் நன்றியும் சொல்லும் கடிதம்: தங்குமிடம், செய்தி நேரம், காணிக்கை எல்லாவற்றையும் எப்படி எழுதுவது?

சபையில் மூன்று நாள் கூட்டம் வைக்க வேண்டும், வெளியூரிலிருந்து ஓர் ஆயரை அழைக்க வேண்டும் என்று முடிவானதும் கடிதம் எழுதும் வேலை செயலாளர் தலையில் வரும். என் தலையிலும் அப்படித்தான் வந்தது. பழைய கோப்புகளைப் புரட்டினால் "தாங்கள் வந்து ஆசீர்வாதமான செய்தி தரும்படி அன்புடன் அழைக்கிறோம்" என்ற ஒரு வரியும் தேதியும்தான் இருந்தன. எங்கே தங்குவார், எத்தனை முறை பேசுவார், பயணச் செலவு யாருடையது என்று ஒன்றும் இல்லை. அதையெல்லாம் பிறகு போனில் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. போனில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல் போய், வந்தவருக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்.

ஈரோடு, கோபி, திருப்பூர், தாராபுரம் பக்கம் உள்ள நம் சபைகளில் புதிதாகச் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே கடிதத்தில் வரவேற்பும், ஒப்புக்கொண்டதற்கு நன்றியும், மற்ற எல்லா விவரமும் இருக்க வேண்டும். இங்கே ஒரு மாதிரியை முழுதாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபை, 2026 ஜூலை 3, 4, 5 (வெள்ளி, சனி, ஞாயிறு) கூட்டம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் ஆயர் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. கடிதத்துக்கு முன்னால் கமிட்டித் தீர்மானம்

பேனாவை எடுக்கும் முன் பாஸ்டரேட் கமிட்டியில் தொகையோடு தீர்மானம் போட்டுவிடுங்கள். "செலவுகளைச் சபை ஏற்கும்" என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. காணிக்கை எவ்வளவு, பயணத்துக்கு என்ன வகுப்பு, அறை வாடகை எது வரை என்று மினிட்ஸ் புத்தகத்தில் எண்ணாகவே இருக்கட்டும். அந்த எண் இல்லாமல் பொருளாளர் வவுச்சர் போட முடியாது. நீங்களும் கடிதத்தில் துணிந்து எதையும் எழுத முடியாது.

மாதிரிக் கணக்கு இப்படி வரும். காணிக்கை 12,000. ரயில் டிக்கெட் போகவர 2,400. ஈரோட்டிலிருந்து கோபிக்கும், திரும்ப ஈரோட்டுக்கும் கார் 3,000. அறை மூன்று நாள் வாடகை 5,400. சாப்பாடு 1,500. ஆக மொத்தம் 24,300 ரூபாய். பந்தல், மைக் செட், நோட்டீஸ் எல்லாம் வேறு கணக்கு. செய்தியாளருக்கான இந்தத் தொகையை அந்தப் பெரிய கூட்டச் செலவோடு கலக்காதீர்கள். கலந்தால், கூட்டத்தில் காணிக்கை குறைவாக விழுந்த அன்று முதலில் வெட்டுப்படுவது செய்தியாளருக்கு வைத்திருந்த தொகைதான். அவர் நம் கூட்டத்துக்காகத் தன் சபையை விட்டு வருகிறவர். நம் வசூல் எப்படிப் போனாலும் அவருக்குச் சொன்னது சொன்னபடி போய்ச் சேர வேண்டும்.

கமிட்டியில் யாராவது ஒருவர் "அதெல்லாம் வந்த பிறகு பார்த்துச் செஞ்சுக்கலாமுங்க" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். நம் பக்கத்து உபசாரத்தில் காசைப் பற்றி முன்கூட்டிப் பேசுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. ஆனால் வருகிறவர் டிக்கெட் எடுக்கும்போது கையிலிருந்து எடுக்கிறார். அது திரும்ப வருமா என்று அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். எழுதித் தருவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று கமிட்டிக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரிய வையுங்கள்.

2. போனில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஒப்புதல் கேட்கப் பேசும் முதல் போனிலேயே, அவர் சம்மதம் சொன்னதும், ஐந்தாறு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியாக வருகிறாரா, வீட்டு அம்மாவும் கூட வருகிறார்களா? ரயிலா, பஸ்ஸா, சொந்தக் காரா? சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று சாப்பாட்டில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா? மாடிப்படி ஏறுவதில் சிரமம் உண்டா? வங்கிக் கணக்கில் பெயர் எப்படி இருக்கிறது? நோட்டீஸில் பெயருக்கு முன்னும் பின்னும் என்ன போட வேண்டும்?

பெயர் விஷயத்தைச் சிலர் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். குருப்பட்டம் பெற்றவருக்கு "அருட்திரு" என்று போடுவோம். ஆனால் செக்கில் அதைப் போடக் கூடாது. வங்கிக் கணக்கில் எந்தப் பெயரும் இனிஷியலும் இருக்கின்றனவோ அவைதான் செக்கில் இருக்க வேண்டும். "அருட்திரு" என்று தொடங்கி, இனிஷியலை விரித்தெழுதிய செக் திரும்பி வந்தால் அதைச் சரிசெய்ய ஊர் போய்ச் சேர்ந்தவரோடு மறுபடி போன், தபால் என்று ஒரு மாதம் ஓடிவிடும். ஆயராக இல்லாத ஊழியர் என்றால் "சகோதரர்" என்று போடலாம். அவரையே கேட்டுவிடுவது நல்லது.

அவர் ஒரு சபையின் பொறுப்பு ஆயர் என்றால், அந்த ஞாயிறு தன் சபை ஆராதனைக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வர முடியும். தன் பேராயத்திலும் சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கும். அங்கே காட்டுவதற்கு அவருக்கு உங்கள் கடிதம் தேவைப்படும். ஆகவே கடிதம் சபையின் லெட்டர்பேடில், உங்கள் ஆயரின் கையெழுத்தோடு போகட்டும். செயலாளர் கையெழுத்து கூட இருக்கலாம், தனியாக இருக்கக் கூடாது.

வெளிநாட்டுக்காரர் என்றால் இந்தக் கட்டுரை போதாது. சுற்றுலா விசாவில் வந்தவர் மேடையேறிப் பிரசங்கம் செய்ய அனுமதி இல்லை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் இப்படிப்பட்ட ஊழியத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பேராயத்து அலுவலகத்தைக் கேட்காமல் அழைப்புக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.

3. எப்போது அனுப்புவது?

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. பயண நாள் அந்தக் கணக்கில் சேராது. நம் மாதிரியில் ஜூலை 2 வியாழன் இரவு திருநெல்வேலியில் நாகர்கோவில் – கோயம்புத்தூர் விரைவு வண்டி ஏறினால் வெள்ளி விடியற்காலை ஈரோட்டில் இறங்கலாம். ஜூலை 2க்கான முன்பதிவு மே 3 அன்று திறக்கும். திரும்பும் பயணம் ஜூலை 5. அதற்கான முன்பதிவு மே 6 அன்றுதான். போகிற டிக்கெட்டை எடுத்துவிட்டு, திரும்புகிற டிக்கெட்டை மறந்துவிடுவது இந்த மூன்று நாள் இடைவெளியில்தான் நடக்கிறது. ஞாயிறு இரவு வண்டிகளில் கூட்டம் எப்போதும் அதிகம். அதனால் திரும்பும் டிக்கெட்டைத்தான் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஆக, கடிதம் ஏப்ரல் 20 வாக்கில் அவர் கையில் இருக்க வேண்டும். டிக்கெட்டைச் சபையே எடுத்துத் தருவது இன்னும் நல்லது. அவர் கைக்காசு போட வேண்டியதில்லை, ரசீதும் உங்களிடமே இருக்கும். அப்படியென்றால் அவருடைய வயதும், கீழ்ப்படுக்கை வேண்டுமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

தேதி குறிக்கும்போதே ஊர் நடப்பையும் பாருங்கள். மார்கழியில் பாரியூர்க் குண்டம், பங்குனியில் பண்ணாரிக் குண்டம் என்றால் கோபி, சத்தி பக்கம் பஸ்ஸிலும் லாட்ஜிலும் இடம் கிடைக்காது. தைப்பூச நேரத்தில் பழநி வழியாக வரும் வண்டிகளும் பஸ்களும் நெரிசலாக இருக்கும். பெரிய முகூர்த்த நாள் என்றால் கல்யாண வீட்டார் லாட்ஜை மொத்தமாகப் பிடித்திருப்பார்கள். ஈரோட்டில் தங்க வைப்பதானால் திங்கள், செவ்வாயில் ஜவுளிச் சந்தைக்கு வரும் வியாபாரிகள் அறைகளை நிரப்பியிருப்பார்கள்.

4. தங்குமிடம்: கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

"தங்கும் வசதி செய்யப்பட்டுள்ளது" என்ற வரியால் வருகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. லாட்ஜா, ஆயர் இல்லமா, சபையார் வீடா என்று சொல்லுங்கள். லாட்ஜ் என்றால் அதன் பெயர், எந்தச் சாலையில் இருக்கிறது, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கழிப்பறை எந்த வகை, வெந்நீர் எப்போது வரும் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு மேற்கத்திய முறைக் கழிப்பறை இருக்கிறதா என்பது சின்ன விஷயம் அல்ல.

செலவில் பெரிய வித்தியாசம் வருவது அறை வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான். சில இடங்களில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சில இடங்களில் பகல் 12 மணிக்கு நாள் மாறும். நம் செய்தியாளர் வெள்ளி காலை 6 மணிக்கு அறைக்கு வருகிறார், ஞாயிறு மாலை 7 மணிக்குக் கிளம்புகிறார். 24 மணிக் கணக்கு என்றால் வெள்ளி 6 முதல் சனி 6 வரை ஒன்று, சனி 6 முதல் ஞாயிறு 6 வரை இரண்டு, ஞாயிறு பகலுக்கு ஒன்று என மூன்று நாள் வாடகை. நாளுக்கு 1,800 என்றால் 5,400. பகல் 12 மணிக் கணக்கு என்றால், வெள்ளி விடியற்காலையில் நுழைந்ததற்கு முந்தின நாள் வாடகை விழும். ஞாயிறு பகல் 12க்குப் பிறகும் இருந்தால் இன்னொன்று. நான்கு நாள் வாடகை 7,200 ஆகிவிடும். இதைத் தவிர்க்க ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறையைக் காலி செய்து, மாலை வரை ஆயர் இல்லத்தில் ஓய்வு என்று வைக்கலாம். அப்படி வைத்தால் அதையும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். காலையிலேயே பெட்டியைக் கட்டி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அறையைச் சபை பெயரில் பதிவு செய்து, பில்லும் சபை பெயரிலேயே வரும்படி சொல்லி வையுங்கள். அடையாள அட்டை நகல் கேட்பார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். முன்பணத்தை நீங்களே கட்டிவிடுங்கள். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவரிடம் வரவேற்பு மேசையில் "அட்வான்ஸ் யாருங்க கட்டறது?" என்று கேட்கும் நிலை வரவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. பேசுகிறவர்களில் பலர் கூட்டத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள். கூட்டம் முடிந்து, ஜெபத்துக்கு வந்தவர்களையெல்லாம் பார்த்து அனுப்பிவிட்டு அறைக்குப் போகும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். சின்ன ஊர்களில் அதற்குள் நல்ல ஓட்டல்கள் மூடத் தொடங்கியிருக்கும். இரவுச் சாப்பாடு எந்த வீட்டிலிருந்து வரும், யார் கொண்டுவருவார் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். இட்லியும் கொஞ்சம் ரசமும் போதும் என்பவருக்கு நம் வீடுகளில் கறி விருந்து வைத்து, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது அன்பு என்றாலும் மறுநாள் அவரால் பேச முடியாமல் போகும்.

5. செய்தி நேர அட்டவணை

கடிதத்தின் நடுப்பகுதி இது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாள், தொடங்கும் நேரம், அவர் பேசத் தொடங்கும் நேரம், எவ்வளவு நேரம் பேசலாம், யார் கேட்கிறார்கள் என்ற ஐந்தும் வேண்டும். பலர் கூட்டம் தொடங்கும் நேரத்தை மட்டும் எழுதுவார்கள். மாலை 6.30க்குத் தொடங்கும் கூட்டத்தில் பாட்டு, ஜெபம், சாட்சி, அறிவிப்பு எல்லாம் முடிந்து மைக் அவர் கைக்கு வரும்போது 7.30 ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்துக்குத் தயாரித்து வந்தவர் அதை முப்பது நிமிடத்தில் அடக்க வேண்டியதாகிவிடும். "செய்தி 7.15க்கு, 50 நிமிடம்" என்று எழுதினால் பாடல் குழுவுக்கும் அதையே காட்டிக் கட்டுப்படுத்தலாம்.

திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. காவல் நிலையத்தில் வாங்கும் அனுமதியிலும் நேரம் எழுதியிருக்கும். ஆகவே பந்தல் கூட்டம் ஒன்பது, ஒன்பதேகாலுக்குள் முடிகிற மாதிரி போடுங்கள்.

ஞாயிறு ஆராதனையில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஜூலை 5 முதல் ஞாயிறு. பல சபைகளில் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அன்று பிரசங்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. சி.எஸ்.ஐ. அல்மனாக்கில் அந்த ஞாயிறுக்கு ஒரு தலைப்பும் வேத பாடங்களும் குறித்திருக்கும். அதன்படி பேச வேண்டுமா, கூட்டத்தின் தலைப்பிலேயே தொடரலாமா என்று உங்கள் ஆயரைக் கேட்டு முடிவாக எழுதுங்கள். பேச வருகிறவர் இதை மேடையில் ஏறிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

மொழிபெயர்ப்பு இருந்தால் நேரம் பாதியாகும். நாற்பது நிமிடத்தில் அவர் பேசுவது இருபது நிமிடம்தான். மொழிபெயர்ப்பவரின் பெயரையும் போன் எண்ணையும் கடிதத்தில் கொடுத்தால் இருவரும் முன்னாலேயே வசனங்களைப் பேசிக்கொள்வார்கள்.

வீடு சந்திப்புதான் அட்டவணையைக் குலைக்கும். "ஐயா, ஒரு பத்து நிமிஷம் வீட்டுக்கு வந்து ஜெபிச்சிட்டுப் போங்க" என்று ஒருவர் அழைத்தால் மறுக்க முடியாது. அந்தத் தெருவில் இன்னும் நாலு வீடு சேரும். சனி மதியம் ஓய்வெடுக்க வேண்டியவர் மாலை மேடைக்குத் தொண்டை கட்டி வருவார். முன்னாலேயே ஒன்றிரண்டு வீடுகளை, நோயாளிகள் இருக்கும் வீடுகளாகப் பார்த்து, நேரத்தோடு அட்டவணையில் போட்டுவிடுங்கள். மற்றவர்கள் ஆலயத்தில் வந்து பார்க்கட்டும். எழுதிப் போட்டிருந்தால் "கமிட்டி இப்படி வச்சிருக்குதுங்க" என்று அவரும் மென்மையாகச் சொல்லித் தப்பிக்கலாம்.

6. காணிக்கைப் பத்தி

இந்தப் பத்தியில் எழுத வேண்டியவை நான்கு: தொகை எவ்வளவு, பயணச் செலவு அதில் சேர்ந்ததா தனியா, எப்போது கிடைக்கும், எந்த வழியில் கிடைக்கும்.

பயணச் செலவு தனி என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் கடைசி நாள் கவரில் 12,000 இருக்கும்போது, அதில் டிக்கெட்டும் அடக்கமா என்று அவருக்கும் தெரியாது, கவரைக் கொடுத்தவருக்கும் தெரியாது. செய்தி நேரத்தில் எடுக்கும் காணிக்கை சபையுடையது, அவருக்கு அறிவித்த தொகை தனியாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் கடைசிக் கூட்டத்துக் காணிக்கை முழுவதும் செய்தியாளருக்குப் போகும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்துக்குப் பழகியவர் வேறு எதிர்பார்ப்போடு வந்திருக்கலாம்.

ரொக்கமாகக் கொடுப்பதைக் கூடுமானவரை தவிருங்கள். அறக்கட்டளைக் கணக்குகளில் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரித் துறை ஏற்பதில்லை. வங்கி மூலம் அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. சிறு தொகையை ரொக்கமாகக் கொடுத்தாலும் வவுச்சரில் கையெழுத்து வாங்க வேண்டும். 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. ஸ்டாம்பை முந்தின வாரமே தபால் நிலையத்தில் வாங்கி வையுங்கள், ஞாயிறு அன்று கிடைக்காது. தொகை பெரிதாக இருந்தால் வரிப் பிடித்தம் உண்டா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுக் கடிதத்தில் எண்ணைப் போடுங்கள். பிடித்தம் உண்டென்றால் கைக்கு எவ்வளவு வரும் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

செக் கொடுப்பதானால், சபைக் கணக்குக்குப் பெரும்பாலும் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பொருளாளர் ஞாயிறு அன்று ஊரில் இல்லாமல் போகலாம். வியாழக்கிழமையே இரண்டு கையெழுத்தும் வாங்கி, கவரில் போட்டு வைத்துவிடுங்கள். கவரை மேடையில் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மேடையில் சால்வையோ வேதாகமமோ கொடுத்து நன்றி சொல்லுங்கள். காணிக்கையை ஆராதனைக்குப் பின் ஆலய அலுவலக அறையில், ஆயரும் பொருளாளரும் இருக்க, ஒரு சிறு ஜெபத்தோடு கொடுங்கள்.

வீடு சந்திப்பில் குடும்பங்கள் அவர் கையில் வைக்கும் காணிக்கையைச் சபை கணக்குப் பார்க்காது என்பதையும் கமிட்டியில் பேசி முடித்துவிடுங்கள். அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

7. மாதிரிக் கடிதம்

சபையின் லெட்டர்பேடில், ஒரு பக்கத்துக்குச் சற்று மேல் வரும். கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

> கோபிசெட்டிபாளையம்
> 20.04.2026
>
> அருட்திரு ________ ஐயா அவர்களுக்கு,
>
> நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.
>
> எங்கள் சபையில் ஜூலை 3, 4, 5 ஆகிய நாள்களில் நடைபெறும் கூட்டங்களில் தேவசெய்தி அளிக்கத் தாங்கள் மனமுவந்து ஒப்புக்கொண்டமைக்குச் சபையார் அனைவரின் சார்பிலும் நன்றி தெரிவிக்கிறோம். தங்கள் சபைப் பணிகளுக்கிடையே ஒரு ஞாயிறை எங்களுக்கெனத் தருவதை நன்றியோடு நினைக்கிறோம். தங்களை மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்.
>
> பயணம்: ஜூலை 2 இரவு திருநெல்வேலியிலிருந்தும், ஜூலை 5 இரவு ஈரோட்டிலிருந்தும் மூன்றாம் வகுப்பு ஏ.சி. டிக்கெட்டைச் சபையே பதிவு செய்து அனுப்பும். வெள்ளி காலை ஈரோடு ரயில் நிலைய முன்வாசலில் திரு. ________ காருடன் காத்திருப்பார். கைபேசி: ________.
>
> தங்குமிடம்: ________ லாட்ஜ், ________ சாலை, முதல் மாடி. லிஃப்ட், வெந்நீர், மேற்கத்திய முறைக் கழிப்பறை உண்டு. வெள்ளி காலை 6 மணி முதல் ஞாயிறு மாலை 7 மணி வரை சபையின் பெயரில் அறை பதிவாகியுள்ளது, கட்டணம் சபையைச் சேர்ந்தது. அடையாள அட்டை நகல் ஒன்று கொண்டுவர வேண்டுகிறோம். தாங்கள் சொன்னபடி சர்க்கரை இல்லாத, காரம் குறைந்த உணவு சபையார் வீட்டிலிருந்து வரும்.
>
> செய்தி நேரங்கள்:
> வெள்ளி மாலை, கூட்டம் 6.30, செய்தி 7.15, 50 நிமிடம், ஆலய வளாகப் பந்தல், பொதுக்கூட்டம்.
> சனி காலை, கூட்டம் 10.30, செய்தி 11.00, 40 நிமிடம், வாலிபர்கள்.
> சனி மதியம் 3.30 முதல் 4.30 வரை இரண்டு நோயாளிகளின் வீடுகளில் ஜெபம். மற்ற நேரம் ஓய்வு.
> சனி மாலை, கூட்டம் 6.30, செய்தி 7.15, 50 நிமிடம், பொதுக்கூட்டம்.
> ஞாயிறு காலை 8.30, திருவிருந்து ஆராதனை, பிரசங்கம் 20 நிமிடம். அன்று அல்மனாக் தலைப்பின்படி பேச வேண்டுகிறோம்.
>
> காணிக்கை: நான்கு செய்திகளுக்கும் சேர்த்து 12,000 ரூபாயைச் சபையின் அன்பின் காணிக்கையாக அளிக்கக் கமிட்டி தீர்மானித்துள்ளது. பயணம், தங்குமிடம், உணவு ஆகியவை இதில் சேராது, அவை சபையின் செலவு. தொகை ஞாயிறு ஆராதனைக்குப் பின் செக்காக அளிக்கப்படும். கூட்டங்களில் எடுக்கப்படும் காணிக்கை சபையின் ஊழியங்களுக்குச் செல்லும்.
>
> ஞாயிறு மாலை 7 மணிக்குக் கார் தங்களை ஈரோட்டுக்கு அழைத்துச் செல்லும். இவற்றில் ஏதேனும் மாற்றம் வேண்டுமானால் ஏப்ரல் 30க்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். கூட்டங்களுக்காகத் தங்கள் ஜெபத்தை வேண்டுகிறோம்.
>
> கிறிஸ்துவின் பணியில்,
> சபை ஆயர் / செயலாளர் / பொருளாளர்

சனி மாலைதான் கடைசிப் பொதுக்கூட்டம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஞாயிறு மாலையும் ஒரு கூட்டம் வைத்தால் இரவு ரயிலைப் பிடிக்க முடியாது. கோபியிலிருந்து ஈரோடு நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஞாயிறு மாலை கூட்டம் வேண்டும் என்றால் திங்கள் காலை வரை அறையும், திங்கள் பகல் பயணமும் போட்டுச் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காணிக்கைப் பத்தியைக் கடிதத்தின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். முதலில் நன்றி, அப்புறம் அவர் வந்து இறங்கும் வரிசையிலேயே பயணம், அறை, செய்தி. காணிக்கை கடைசியில் வந்தால் இயல்பாக இருக்கும். "சிறு தொகை", "எங்களால் இயன்றது" என்றெல்லாம் அடைமொழி சேர்க்க வேண்டாம். எண்ணை எழுதினால் போதும்.

8. அனுப்புவதும் அதற்குப் பிறகும்

கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதன் படத்தை அன்றே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். "கிடைத்தது, சம்மதம்" என்று அவர் எழுதிய பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். மே 6 தாண்டியதும் இரண்டு டிக்கெட்டும் உறுதியாகிவிட்டனவா என்று பாருங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் சென்னை வழியை யோசிக்காதீர்கள், மதுரை வரை பஸ்ஸும் அங்கிருந்து பகல் வண்டியும் என்று மாற்று ஏற்பாட்டை அப்போதே எழுதிச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் அட்டவணையை மட்டும் ஒரு பக்கமாக மறுபடி அனுப்புங்கள். மாற்றம் ஏதாவது இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக் காட்டுங்கள்.

கூட்டம் முடிந்த வாரத்திலேயே ஒரு சிறு நன்றிக் கடிதம் போகட்டும். அதில் பணத்தைப் பற்றி ஒரே வரி போதும்: எந்தத் தேதியிட்ட செக், என்ன எண், எவ்வளவு. மீதி இடம் முழுவதும் அவர் பேசியதைப் பற்றி இருக்கட்டும். சனி காலைச் செய்தியைக் கேட்டு வாலிபர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், ஜெபித்துவிட்டு வந்த வீட்டில் நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். பல ஊர்களில் பேசிவிட்டு வருகிறவருக்கு இந்த விவரத்தை யாரும் திரும்பச் சொல்வதில்லை. டிக்கெட் நகல், லாட்ஜ் பில், கார் வவுச்சர், செக் கட்டை எல்லாவற்றையும் தீர்மான நகலோடு ஒரே உறையில் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள், ஆண்டுத் தணிக்கைக்கு அந்த உறையைத்தான் முதலில் கேட்பார்கள்.